எதிலிருந்து தெரியும்? அச்சிடலாமா?

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போடலாம் என்ற பேச்சு வீட்டுப் புலனக் குழுவில் எழுந்தபோது, முதலில் வந்த கேள்வி "எந்தச் செயலி நல்லது?" என்பதுதான். சிங்கப்பூரில் இருக்கும் சித்தி ஒன்றைச் சொன்னார். மாமா மகன் இரண்டைச் சொன்னான்; அதில் ஒன்றுக்கு மாதாமாதம் கட்டணம். நான் கணக்காய்வு வேலையில் இருப்பவள். எதைப் பார்த்தாலும் கட்டம் போட்டு வரிசைப்படுத்தும் புத்தி. இணையத்தில் எல்லாரும் சேர்ந்து திறக்கக்கூடிய ஒரு கூகுள் அட்டவணை போதும் என்றேன். ஒன்றரை ஆண்டு கழித்து 96 பக்கங்களில் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. இன்றும் அதே கருத்துதான்.

அட்டவணையில் ஒரு பொருளுக்கு ஒரு வரி. படமா, சமையல் குறிப்பா, கதையா என்பதைப் பொறுத்து ஓர் எண்: F014, R03, S07 என்பது போல. கணினியில் உள்ள கோப்புக்கும் அதே பெயர். படம் வைத்த உறையின் மேலும் அதே எண். பிறகு யார் கொடுத்தது, எப்போது எடுத்தது, எங்கே, அதில் யார் யார் என்ற கட்டங்கள். இவை எல்லாருக்கும் தோன்றக்கூடியவைதான். எங்கள் புத்தகத்தைக் காப்பாற்றியவை கடைசியில் சேர்த்த இரண்டு கட்டங்கள். ஒன்றின் தலைப்பு "எதிலிருந்து தெரியும்". மற்றது "அச்சிடலாமா".

சமையலில் இருந்து தொடங்குகிறேன். சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பாட்டி வைக்கும் தெங்கிரி மீன் குழம்பு எங்கள் வீட்டில் பிரசித்தம். அவரிடம் அளவு கேட்டால் "ஒரு கை", "கொஞ்சம்", "பார்த்துப் போடு" என்பார். இதை அப்படியே எழுதினால் படிக்க அழகாக இருக்கும், சமைக்க முடியாது. ஒவ்வொரு கையையும் நிறுத்தி, கரண்டியில் கொட்டி அளந்தாலோ அவருடைய கை தடுமாறும். சமைக்கிறவரின் ஓட்டத்தைக் கெடுத்தால் அன்றைக்கு வருவது அவருடைய குழம்பு அல்ல.

அதனால் பாட்டியின் கையை விட்டுவிட்டு டப்பாக்களை நிறுத்தேன். ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு போதும். அவர் அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே மிளகாய்த்தூள் டப்பா, உப்பு ஜாடி, எண்ணெய் போத்தல், தேங்காய்ப்பால் சட்டி எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்து எழுதிக்கொண்டேன். குழம்பு இறங்கியதும் மறுபடி நிறுத்தேன். கழித்தால் அவர் போட்டது தெரிந்துவிடும். கறித்தூள் டப்பா முன்பு 412 கிராம், பிறகு 374. ஆக 38 கிராம். உப்பு ஜாடி 236இலிருந்து 222க்கு இறங்கியது, 14 கிராம். பாட்டி வழக்கம் போலப் பேசிக்கொண்டே சமைத்தார்.

ஒரு தடவை நிறுத்தால் போதாது. மூன்று வெவ்வேறு நாள்களில் செய்தேன். கறித்தூள் 38, 41, 36. உப்பு 14, 19, 13. இரண்டாம் நாள் உப்பு ஏன் கூடியது என்று பார்த்தால் அன்று மீன் 1,150 கிராம்; மற்ற இரண்டு நாளும் 800 பக்கம். மீனோடு உப்பு ஏறுகிறது, தூள் அவ்வளவாக ஏறவில்லை. இது பாட்டியே சொல்லாத விதி. கேட்டபோது, "மீனுக்கு உப்பு, குழம்புக்குத் தூள்" என்றார். குழம்பின் அளவு ஒன்றேதான், மீன் துண்டுகள்தான் கூடுதல் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுப்புக்கு எதிரே கைப்பேசியைச் சாய்த்து வைத்து, முழுச் சமையலையும் காணொளியாகவும் எடுத்தோம். அதில்தான் ஓர் ஒளிந்திருந்த பொருள் அகப்பட்டது. குழம்பு கொதிக்கும்போது பாட்டி ஏதோ இரண்டு சீவலைப் போடுகிறார். நிறுத்திப் பார்த்தால் அசாம் கெப்பிங்! புளி கரைத்து ஊற்றியிருக்கிறார், அதற்கு மேல் இதுவும். இதற்கு முன் மூன்று பேரிடம் குறிப்புச் சொல்லியிருக்கிறார். மூன்றிலும் இது இல்லை. "ஏன் பாட்டி சொல்லல?" என்றால், "அது எல்லாரும் போடுறதுதானேம்மா, அதையும் சொல்லணுமா?" என்கிறார். என் அம்மா இருபத்தைந்து வருடமாகப் புளியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துத் தோற்ற மர்மம் அதுதான்.

பழைய அளவுகளையும் நாங்கள் மாற்றி எழுதிவிடவில்லை. பெரியம்மாவின் நோட்டில் முறுக்குக்கு "அரிசி மாவு 1 கட்டி, நெய் 2 தாயில்" என்று இருக்கிறது. கட்டி என்பது ஏறக்குறைய 605 கிராம். அதில் பதினாறில் ஒன்று தாயில், 38 கிராம் வரும். புத்தகத்தில் கட்டி என்றே போட்டு, கிராமைப் பக்கத்தில் தந்தோம். "பால் டின்" என்பதுதான் சிக்கல் பிடித்த அளவு. கடையில் இன்று கிடைக்கும் டின்னும் பெரியம்மா காலத்து டின்னும் ஒரே அளவு என்று நம்ப முடியாது. அவர் இன்னும் அரிசி அளக்கும் அந்தப் பழைய டின்னிலேயே தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரை நிறுத்துப் பார்த்தோம். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லிலிட்டர், அவ்வளவுதான் கணக்கு. "எதிலிருந்து தெரியும்" கட்டத்தில் "பெரியம்மா வீட்டு டின், தண்ணீர் நிரப்பி அளந்தது" என்று போட்டோம்.

படங்களுக்கு வருவோம். நம் வீடுகளில் பெரிய ஆபத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டி மூடும் அந்தப் பழைய ஆல்பங்கள். அந்தப் பசை ஆண்டுகள் போகப் போக இறுகிவிடுகிறது. இழுத்தால் படத்தின் முதுகு அட்டையோடு தங்கிவிடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை, மெழுகு தடவாததாகப் பார்த்து வாங்கி, படத்தின் மூலைக்கு அடியில் நுழைத்து, மரத்தை அறுப்பது போல மெதுவாக இழுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் வந்துவிடும். சிறிது வளைந்தாலும் நிறுத்திவிடுங்கள். வராத படத்தை அந்தப் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யலாம். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும் பிரிக்கக் கூடாது. கண்ணாடியோடுதான் எடுக்க வேண்டும். அதற்குக் கூகுளின் PhotoScan செயலி உதவும். கைப்பேசியை நான்கு மூலைக்கும் நகர்த்தச் சொல்லி, பல படங்களைச் சேர்த்து, விளக்கு வெளிச்சம் தெறிப்பதை நீக்கிவிடும். மற்ற படங்களுக்கு மேசை ஸ்கேனரே மேல்.

ஸ்கேனரில் கேட்கும் "டிபிஐ" எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதுதான் அது. அச்சில் படம் தெளிவாக வர அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். மூன்று அங்குலப் படத்தை 600இல் ஸ்கேன் செய்தால் 1,800 புள்ளி கிடைக்கும். புத்தகத்தில் ஆறு அங்குலம் வரை பெரிதாக்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு 1,200 வையுங்கள். மூலக் கோப்பை டிஃப் வடிவில் வைத்துவிட்டு, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் பிரதி எடுக்கலாம். புலனத்தில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். "Document" என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அளவு குறையாது. எங்கள் உறவினர் ஒருவர் அனுப்பிய பத்துப் படங்களை இதனால்தான் மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

படத்தின் முதுகையும் கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டும். முன்பக்கம் F014a.tif, பின்பக்கம் F014b.tif. பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருக்கும், யாரோ கிறுக்கிய பெயர் இருக்கும், சில நேரம் மளிகைக் கணக்கே இருக்கும். எதையும் அழிக்காதீர்கள். புதிதாக எழுத வேண்டுமானால் உறையின் மேல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவால் படத்தின் முதுகில் எழுதினால் முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும்.

இந்த F014 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெளிநெளியான ஓரம் வைத்த சிறிய கறுப்பு வெள்ளைப் படம். என் கொள்ளுப் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஓர் ஆடவர். முன்னால் இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் என் பாட்டி, சின்னவள் சின்னப் பாட்டி. பின்னால் ஈப்போ ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை, ஆண்டு இல்லை. சின்னப் பாட்டியின் அடையாள அட்டையில் பிறப்பு 1949. படத்தில் அவருக்கு நான்கு வயது மதிக்கலாம். ஆகவே "1953 வாக்கில்" என்று எழுதி, "எதிலிருந்து தெரியும்" கட்டத்தில் "சின்னப் பாட்டியின் வயது, மதிப்பீடு" என்று போட்டோம். வெறுமனே 1953 என்று போட்டிருந்தால் அடுத்த தலைமுறை அதை உறுதியான ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

ஆண்டு கிடைத்தது. அந்த ஆடவர் யார் என்பதுதான் அடுத்தது. அதற்குக் கதை தேவைப்பட்டது.

பாட்டியை ஒலிப்பதிவு செய்ய விசேஷக் கருவி எதுவும் வாங்கவில்லை. கைப்பேசியில் உள்ள ஒலிப்பதிவுச் செயலிதான். மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வைத்தோம். மேசையைத் தட்டும் சத்தம் ஏறாது. தொலைக்காட்சியை அணைப்பது எளிது. மின்விசிறியை அணைப்பதுதான் நம் ஊரில் தியாகம். அது ஓடினால் கேட்கும்போது எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஓர் இரைச்சல் இருக்கும். அரை நிமிடம் பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குவோம். முதல் வரியில் தேதி, ஊர், யார் பேசுகிறார் என்று நானே சொல்லிவிடுவேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் போவதில்லை. அதைக் கேட்டுக் கேட்டுச் செல்லினத்தில் தட்டச்சு செய்ய, ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது.

"எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டால் பதில் வராது. "மெர்டேக்காவுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றால் உடனே வரும். "மெர்டேக்கா அன்னைக்குத் தோட்டத்துல படம் காட்டினாங்க, அப்போ எனக்குக் கல்யாணம் ஆகல." "மே 13 கலவரத்தப்போ உங்கம்மா கைக்குழந்தை." ஆண்டுக்குப் பதிலாக ஊரே அறிந்த சம்பவத்தைக் கொடுத்து, அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்க வேண்டும். 1957, 1969 என்று நாமே எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

பாட்டி சொன்ன முக்கியமான கதை அவர் அப்பாவைப் பற்றியது. "நான் வயித்துல இருக்கும்போதே எங்கப்பாவைச் சயாமுக்கு ரயில் ஏத்திட்டாங்க. திரும்பி வரவே இல்ல." சயாம் மரண ரயில்பாதை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர். இரு முனைகளும் 1943 அக்டோபரில் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பெருமளவில் ஏற்றிச் சென்றது அந்த ஆண்டில்தான். ஆனால் பாட்டியின் அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1945. இரண்டும் பொருந்தவில்லை. போருக்குப் பிறகு, யாரோ சொன்ன தேதியை வைத்துத் தாமதமாகப் பதிந்திருக்கலாம். பாதை முடிந்த பிறகும் பராமரிப்புக்கென்று ஆட்களை வைத்திருந்தார்கள். பின்னால் போனவராகவும் இருக்கலாம். நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. பாட்டி சொன்னது, அட்டையில் உள்ளது, பாதை முடிந்த ஆண்டு என்று மூன்றையும் மூன்று வரியாகப் புத்தகத்தில் போட்டோம். படித்துக் காட்டியபோது பாட்டி, "அப்போ எனக்கு ரெண்டு வயசு கூடவா?" என்று கேட்டுச் சிரித்தார்.

F014 படத்தில் இருப்பவர், அப்பா திரும்பாத பிறகு என் கொள்ளுப் பாட்டியோடு வாழ்ந்தவர். சின்னப் பாட்டியின் தகப்பனார். இது எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும், யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. "அச்சிடலாமா?" என்று கேட்டபோது பாட்டி உடனே, "படம் வேணாம்" என்றார். தன் தாயை நாலு பேர் ஏதாவது சொல்வார்களோ என்ற பயம். சின்னப் பாட்டியைத் தொலைபேசியில் கேட்டேன். "எங்கப்பா இல்லாம ஒரு புஸ்தகம்னா, அதுல என்னையும் போடாதீங்க" என்றார். எழுபத்தைந்தைத் தாண்டியவர், குரலில் கோபம்கூட இல்லை.

மூன்று மாதம் அந்தக் கட்டத்தில் "நிலுவை" என்றே இருந்தது. மற்ற வேலைகள் நடந்துகொண்டிருந்தன. பிறகு படத்தின் கீழ் வரவேண்டிய வரியை எழுதி, இருவருக்கும் தனித்தனியே படித்துக் காட்டினேன். அவருடைய பெயர், பக்கத்தில் "சின்னப் பாட்டியின் தகப்பனார்". அவ்வளவுதான். எப்படி, எப்போது, ஏன் என்று ஒரு சொல்லும் இல்லை. பொய்யும் இல்லை. பாட்டி அந்த வரியை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். "அவருதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போவாரு. அதையும் எழுது" என்றார். அதை எழுதினேன், அது S07.

குடும்ப மரம் வரையும் மென்பொருள்களை இந்த இடத்தில்தான் கைவிட்டோம். பல மென்பொருள்கள் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. நமக்கோ தகப்பன் பெயர்தான். தாய்மாமனை மணந்த அத்தை ஒருவர் எங்கள் வீட்டில் உண்டு. அவர் வரும் இடத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன. நெகிழ்ந்துகொடுக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன, கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். நாற்பத்தாறு பேர்தானே என்று ஒரு பெரிய தாளில் கையால் வரைந்து, அதையே ஸ்கேன் செய்து நடுப்பக்கத்தில் போட்டோம்.

அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, சிறு பிள்ளைகளின் பிறந்த தேதி மூன்றும் புத்தகத்தில் இல்லை. பத்திரங்களின் படத்தைப் போட்ட இடத்தில் எண்ணை மறைத்துவிட்டோம். புத்தகத்தின் பிடிஎஃப் எப்படியும் ஒருநாள் புலனத்தில் சுற்றும்.

அச்சில் தமிழ் எழுத்து உடைவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் வீட்டுக் கணினியில் சரியாகத் தெரியும் கோப்பு, அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேறாகிவிடும். பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன் பயன்படுத்துபவர்கள் பத்தி அமைப்பில் "World-Ready Paragraph Composer" என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். "கொள்ளுப் பாட்டி", "கோழி", "பௌர்ணமி", "கெம்போங்" நான்கும் வரும் ஒரு பக்கத்தை முதலில் அச்சடித்துப் பார்த்தால் போதும். கோளாறு இருந்தால் அதில் தெரிந்துவிடும். பிறகு ஒரே ஒரு மாதிரிப் பிரதி. இப்போதைய மின்னியல் அச்சில் முப்பது பிரதிகூட எடுக்கலாம் என்பதால், ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை அடிப்பது பெரிய காரியமில்லை. எங்கள் மாதிரியில் படங்கள் திரையில் பார்த்ததைவிட இருட்டாக வந்தன; வெளிச்சம் கூட்டி மறுபடி கொடுத்தோம்.

பாட்டியின் குரலைக் கேட்க சில பக்கங்களில் கியூஆர் குறியீடு வைத்திருக்கிறோம். அதை மட்டும் நம்பவில்லை. இரண்டு ஆண்டு யாரும் நுழையாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும். கணக்கு போனால் குறியீடு வெறும் கறுப்புச் சதுரம். அதனால் பேச்சு முழுவதையும் எழுத்தில் அச்சிட்டு, ஒலிக்கோப்புகளை மூன்று வீட்டில் மூன்று வன்தட்டில் வைத்திருக்கிறோம்.

முப்பது பிரதியும் தீபாவளிக்கு முன்பே பிரிந்துபோயின. இரண்டு வாரத்தில் ஜொகூரிலிருந்து ஒரு சித்தப்பா அழைத்தார். F037இல் "பெயர் தெரியாத சிறுவன்" என்று போட்டிருக்கிறீர்களே, அது நான்தான் என்றார். அட்டவணையைத் திறந்து பெயரை எழுதினேன். "எதிலிருந்து தெரியும்" கட்டத்தில் "அவரே சொன்னது". "அச்சிடலாமா" என்று கேட்டேன். "ஆமா, ஆனா அந்த அரைக்கால் சட்டை என்னோடது இல்ல, அதையும் போடு" என்றார். போட்டிருக்கிறேன், இரண்டாம் அச்சில் வரும்.